ரெக்ரூட்டர் அஞ்சலுக்குச் சுருக்கமான பதில்

"இந்த வேலையில் ஆர்வம் உண்டா?" என்று கேட்டு ரெக்ரூட்டர் அனுப்பும் அஞ்சலுக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போக வேண்டியதில்லை. அந்தப் பதிலுக்கு இரண்டே வேலைகள். ரெக்ரூட்டர் அடுத்த அடி எடுத்து வைக்கத் தேவையானதைத் தருவது முதல் வேலை: ஆர்வம் உண்டா, எப்போது பேசலாம், எப்போது சேர முடியும். எழுதுபவர் தன் நேரத்தையும் ரெஸ்யூமேயையும் ஒப்படைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டு வாங்குவது இரண்டாவது. திறமைகளின் விரிவான பட்டியல் ரெஸ்யூமேயில் இருக்கிறது. இப்போதைய வேலையை விட நினைப்பதன் காரணம் தொலைபேசிப் பேச்சுக்கு உரியது. இரண்டையும் இந்தப் பதிலில் சேர்த்தால் அதன் நீளம்தான் கூடும்.

இந்த இயல் எடுத்துக்கொள்வது சென்னையின் ஐடி துறையை. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவரின் விவரத்தை நௌக்ரியிலோ லிங்க்ட்இன்னிலோ பார்த்துவிட்டு அனுப்பப்படும் அஞ்சல் அங்கே ஏறக்குறைய ஒரே அச்சில் வரும். வேலையின் பெயர், தேவைப்படும் அனுபவம், 'வேலையிடம்: சென்னை' என்ற ஒற்றை வரி, அதன் கீழே நிரப்பித் தரவேண்டிய ஒரு பட்டியல். மொத்த அனுபவம், தொடர்புடைய அனுபவம், இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட், கையில் வேறு ஆஃபர் உண்டா, வேலை மாறக் காரணம், சில சமயம் பான் எண்ணும் பிறந்த தேதியும். ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல காலியிடங்களுக்கு ஆள் தேடுகிறார். வரும் பதில்களைக் கைபேசியில் படித்து, ஓர் எக்செல் தாளில் வரிசையாக ஏற்றுகிறார். அந்தத் தாளின் கட்டங்களுக்குள் போகும் தகவலே அவருக்கு முதலில் வேண்டும். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதை மூன்று பத்திக்குள் தேடவைக்கும் பதில், 'பிறகு பார்க்கலாம்' என்ற பக்கத்துக்குப் போய்விடும்.

அனுப்பியவர் யார்

பதில் எழுதும் முன் பார்க்க வேண்டியது அனுப்புநர் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது. அது வேலை தரும் நிறுவனத்தின் சொந்த முகவரி என்றால் அஞ்சல் அந்த நிறுவனத்தின் எச்ஆர் பிரிவிலிருந்து வந்திருக்கிறது. அவரிடம் நிறுவனத்தின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. வேலையைப் பற்றிய கேள்விகளுக்கும் அவரே பெரும்பாலும் நேரடியாகப் பதில் சொல்ல முடியும். வேறு பெயர் இருந்தால் அனுப்பியவர் கன்சல்டன்சிக்காரர். 'எங்கள் வாடிக்கையாளரான முன்னணி பன்னாட்டு நிறுவனம்' என்று எழுதிவிட்டுப் பெயரை மறைப்பது அவர்கள் வழக்கம். பெயர் தெரிந்தால் ஆள் நேரடியாகவோ நண்பர் வழியாகவோ விண்ணப்பித்துவிடுவார், தங்களுக்கு வரவேண்டிய தொகை போய்விடும் என்ற பயமே காரணம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காகப் பெயர் தெரியாமலே ரெஸ்யூமேயைக் கொடுத்துவிடுவது விண்ணப்பிப்பவருக்கு ஆபத்து. அது ஏன் என்பது 'எதைக் கேட்பது' என்ற பகுதியில் வருகிறது.

மூன்றாவது வகை மோசடி அஞ்சல். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பொதுவான ஜிமெயில் முகவரியிலிருந்து வரும். அல்லது நிறுவனத்தின் பெயரோடு 'கேரியர்ஸ்', 'ஹயரிங்' என்று ஏதாவது ஒட்டிய போலி முகவரியிலிருந்து வரும். தொலைபேசிப் பேச்சே இல்லாமல் ஆஃபர் தருவதும், பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கான முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரிலாவது பணம் கேட்பதும் இதன் அடையாளங்கள். ஆள் எடுக்கும் நிறுவனம் விண்ணப்பிப்பவரிடம் பணம் வாங்குவதில்லை; கன்சல்டன்சிக்குப் பணம் தருவதும் நிறுவனம்தான். இத்தகைய அஞ்சலுக்குப் பதிலே வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930, புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம்.

பதில் போவது சொந்த மின்னஞ்சலிலிருந்து, சொந்தக் கருவியில். அலுவலக லேப்டாப்பில் தனிப்பட்ட அஞ்சலைத் திறந்தாலும் அந்தக் கருவியைக் கண்காணிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று பல பணி ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

எப்போது பேசலாம், எப்போது சேரலாம்

ரெக்ரூட்டர் கேட்பது இரண்டு வகை நாள்களை. பலர் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

பேசுவதற்கான நேரத்தை 'எப்போது வேண்டுமானாலும்' என்று எழுதினால் அது பெருந்தன்மையாகத் தோன்றும், நடப்பதோ வேறு. அழைப்பு மதியம் மூன்று மணிக்கு, குழுக் கூட்டத்தின் நடுவே வரும். எடுக்க முடியாது. திருப்பி அழைத்தால் ரெக்ரூட்டர் வேறு ஓர் அழைப்பில் இருப்பார். இரண்டு நாள் இப்படியே போகும். இரண்டு அல்லது மூன்று நேரங்களைத் தேதி, கிழமை, தொடக்கம், முடிவு நான்கும் சேர்த்துத் தருவது இந்தக் கண்ணாமூச்சியைத் தவிர்க்கிறது. தேதியோடு கிழமையையும் எழுதுவதற்குக் காரணம் உண்டு: ஒன்றைத் தவறாக எழுதினால் மற்றது காட்டிக்கொடுக்கும். முதல் அழைப்பு பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம்தான் நீடிக்கும் என்பதால் முக்கால் மணி நேர இடைவெளி போதும். காலையில் அலுவலகம் கிளம்பும் முன், மாலையில் வெளியே வந்த பின், சனிக்கிழமை முற்பகல் என்று பிரித்துத் தந்தால் ஏதாவது ஒன்று பொருந்திவிடும். இன்றைக்கே என்று எழுதாமல் மறுநாளிலிருந்து தொடங்குவது நல்லது. அஞ்சலை ரெக்ரூட்டர் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது.

பேசப்போகிறவர் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருந்தால் நேரத்தோடு 'இந்திய நேரம்' என்று எழுதியே ஆகவேண்டும். அந்த நாடுகளில் கடிகாரம் ஆண்டுக்கு இருமுறை மாறுகிறது. கோடையில் நியூயார்க்கின் பிற்பகல் 2 மணி சென்னையில் இரவு 11.30, நவம்பரில் கடிகாரம் மாறிய பின் அதே 2 மணி சென்னையில் நள்ளிரவு 12.30, அதாவது அடுத்த தேதி. லண்டனோடு உள்ள வித்தியாசமும் கோடையில் நான்கரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி.

சேரும் நாளைப் பொறுத்தவரை உண்மை நிலையை ஒரே வரியில் எழுத வேண்டும். பெரிய ஐடி சேவை நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். 60 நாளும் 30 நாளும் வேறு பல இடங்களில் உண்டு. ஆனால் எண்ணை மட்டும் எழுதினால் போதாது. 'நோட்டீஸ் 60 நாள்' என்று படிக்கும் ரெக்ரூட்டருக்கு அடுத்துத் தோன்றும் கேள்வி, பேப்பர் போட்டாகிவிட்டதா இல்லையா என்பது. போட்டிருந்தால் கடைசி வேலைநாளின் தேதியை எழுதிவிடலாம். போடவில்லை என்றால் 'இன்னும் ராஜினாமா செய்யவில்லை; ஆஃபர் வந்த பின் 60 நாள்' என்று தெளிவாகச் சொல்லலாம். கணக்கு எப்படிப் போகும் என்பதை எழுதுபவர் தனக்காகவாவது போட்டுப் பார்க்க வேண்டும். ஜூன் 3 அன்று அஞ்சல் வருகிறது. நேர்காணல்கள் முடிந்து ஆஃபர் கைக்கு வர மாத இறுதி ஆகிறது. ஜூன் 30 அன்று ராஜினாமா. அதிலிருந்து 60 நாள் என்றால் ஆகஸ்ட் 29. ஆக, உண்மையில் சேரக்கூடிய நாள் செப்டம்பர் தொடக்கம். 'இரண்டு மாதத்தில் சேரலாம்' என்று ஜூன் தொடக்கத்தில் எழுதினால் படிப்பவர் ஆகஸ்ட் தொடக்கம் என்று புரிந்துகொள்வார். ஒரு மாத இடைவெளி அங்கேயே விழுந்துவிடும்.

நோட்டீஸைக் குறைத்துச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். 'உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை' என்ற வரி அதைத் தூண்டும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே விடுவிப்பது மேலாளரும் நிறுவனமும் தீர்மானிப்பது. மீதி நாள்களுக்குப் பணம் கட்டி வெளியேறும் பைஅவுட்டும் பணி ஒப்பந்தம் அனுமதித்தால் மட்டுமே உண்டு. 30 நாள் என்று எழுதி ஆஃபர் வாங்கியவர் 90 நாளும் இருக்க வேண்டி வந்தால் புது நிறுவனம் ஆஃபரைத் திரும்பப் பெறலாம். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் கிளம்பினால் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கல். நேர்மையான வாசகம் எளிமையானதே: '60 நாள், குறைக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது.'

எதைக் கேட்பது

முதல் பதிலில் மூன்று அல்லது நான்கு கேள்விகள் போதும். இதற்கு மேல் போனால் ரெக்ரூட்டர் எதற்கும் எழுத்தில் பதில் தராமல் 'போனில் பேசலாம்' என்பார். எந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பதில் எதிர்மறையாக வந்தால் இந்த வேலையை விட்டுவிடுவோமா? ஆம் என்றால் அந்தக் கேள்வி இப்போதே வேண்டும். இல்லை என்றால் அது நேர்காணலுக்குக் காத்திருக்கலாம். குழுவில் எத்தனை பேர், எந்தக் கருவிகள், பதவி உயர்வு எப்படி என்பவையெல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்குச் சரியான பதில் தெரிந்தவர் நேர்காணல் நடத்தும் மேலாளர், ரெக்ரூட்டர் அல்ல.

கன்சல்டன்சி அஞ்சலில் முதல் கேள்வி நிறுவனத்தின் பெயரும் வேலையின் தன்மையும். நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? நிறுவனத்தின் சொந்தப் பேரோலா, கன்சல்டன்சியின் பேரோலா? பெரிய நிறுவனத்தின் வளாகத்தில் உட்கார்ந்து வேலை செய்தாலும் சம்பளம், பிஎஃப், அனுபவச் சான்று மூன்றும் வேறொரு பெயரில் வருவது மூன்றாம் தரப்புப் பேரோல். அது சிலருக்குப் பொருத்தமாகவே இருக்கலாம், ஆனால் தெரிந்து ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்.

பெயரைக் கேட்பதற்கு இன்னொரு, அதைவிட அவசரமான காரணம் இருக்கிறது. ஒரே காலியிடத்துக்குப் பல கன்சல்டன்சிகள் ஆள் தேடுகின்றன. இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே ஆளின் ரெஸ்யூமேயை ஒரே நிறுவனத்துக்கு அனுப்பினால், நிறுவனத்தின் மென்பொருள் மின்னஞ்சல், கைபேசி எண், பான் எண் ஆகியவற்றை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடும். முதலில் அனுப்பியவருக்கே அந்த ஆள் 'சொந்தம்' என்று குறிப்பிட்ட மாதங்களுக்கு வைத்திருப்பது பல நிறுவனங்களின் விதி. இரண்டு கன்சல்டன்சிகளும் உரிமை கொண்டாடினால் தலைவலி வேண்டாம் என்று நிறுவனம் ஆளையே ஒதுக்கிவிடுவதும் உண்டு. விண்ணப்பித்தவருக்கு இது தெரியவே தெரியாது. பதில் வராமல் போனதாக மட்டும் நினைத்துக்கொள்வார். ஆகவே 'என் ஒப்புதல் இல்லாமல் எங்கும் அனுப்ப வேண்டாம்' என்ற வரி பதிலில் இருக்க வேண்டும். யார், எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்று ஒரு சிறு குறிப்பைத் தனியே வைத்துக்கொள்வதும் அதே அளவு தேவை. பான் எண்ணைப் பட்டியலில் கேட்பதும் பெரும்பாலும் இந்த அடையாளத்துக்காகவே என்பதால், நிறுவனத்தின் பெயர் தெரிந்து ஒப்புதல் கொடுத்த பிறகு அதைத் தரலாம். ஆதார் எண்ணுக்கு இந்தக் கட்டத்தில் எந்தத் தேவையும் இல்லை.

இரண்டாவது கேள்வி வேலையிடமும் நேரமும். 'சென்னை' என்ற சொல் மட்டும் எதையும் சொல்லிவிடாது. அம்பத்தூர் எஸ்டேட்டும் சென்னை, போரூரும் சென்னை, சிறுசேரி சிப்காட்டும் சென்னை. ஆவடியில் குடியிருப்பவருக்கு முதலாவது பக்கத்தில். மூன்றாவதற்குப் போய்வர நாளில் மூன்று, நான்கு மணி நேரம் போகும். எந்த வளாகம், வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம், என்ன ஷிஃப்ட் என்ற மூன்றையும் ஒரே கேள்வியாகக் கேட்கலாம். 'ஹைப்ரிட்' என்று அஞ்சலில் போட்டிருந்தாலும் நாள்களின் எண்ணிக்கையைக் கேட்பது நல்லது. வாரம் இரண்டு நாளும் ஹைப்ரிட்தான், நான்கு நாளும் ஹைப்ரிட்தான். அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் ஷிஃப்ட் பற்றிய பதிலில் இரவு வண்டி உண்டா என்பதும் சேர்ந்து வரும்.

நோட்டீஸ் ஏற்கப்படுமா என்பது மூன்றாவது. 30 நாளுக்குள் ஆள் வேண்டும் என்பதில் நிறுவனம் உறுதியாக இருந்தால் 90 நாள்காரருடன் மூன்று சுற்று நேர்காணல் நடத்துவதில் யாருக்கும் பயனில்லை. அஞ்சலிலேயே அது முடிந்துவிட வேண்டும்.

சம்பளக் கட்டம்

நான்காவது கேள்வி சம்பளம். இதைக் கேட்கத் தயங்குபவர்கள் பலர். ரெக்ரூட்டர் தன் முதல் அஞ்சலிலேயே அதைக் கேட்டிருக்கிறார் என்பதால் திருப்பிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. 'இந்த வேலைக்கு ஒதுக்கியுள்ள வரம்பு என்ன, அதில் நிலையான பகுதி எவ்வளவு?' என்று கேட்டால் போதும்.

நிலையான பகுதி என்று தனியாகக் கேட்பது ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டு காட்டும். ஆண்டுக்கு 15 லட்சம் சிடிசி என்று ஓர் ஆஃபர். கேட்டவர் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1.25 லட்சம் என்று கணக்குப் போடுகிறார். ஆனால் அதில் 10 சதவீதம், அதாவது 1.5 லட்சம், செயல்திறனைப் பொறுத்து ஆண்டு முடிவில் வரும் மாறும் தொகை. அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதன் 12 சதவீதமான 72,000 ரூபாய் நிறுவனம் செலுத்தும் பிஎஃப் பங்கு. கிராஜுவிட்டிக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ஏறக்குறைய 28,900 ரூபாய். இந்த மூன்றும் சிடிசிக்குள் அடங்கியவை. மாதச் சம்பளத்தில் வராதவை. கழித்துப் பார்த்தால் மாதத்துக்கு 1.04 லட்சம் வருகிறது. ஊழியரின் பிஎஃப் பங்கும் வருமான வரியும் அதிலிருந்து இன்னும் பிடிக்கப்படும். சில நிறுவனங்கள் பிஎஃப்பைக் குறைந்த தொகைக்கு மட்டும் பிடிக்கின்றன, சில காப்பீட்டையும் சிடிசியில் சேர்க்கின்றன. ஆகவே தொகை மாறும், ஆனால் சிடிசி எண் மட்டும் எதையும் தீர்மானிக்காது என்பது மாறாது.

இப்போதைய சிடிசியைச் சொல்லலாமா என்பதில் இரண்டு வழிகள் உள்ளன. வரம்பு தெரிந்த பின் சொல்கிறேன் என்று எழுதலாம். நிறுவனத்தின் எச்ஆர் இதைப் பெரும்பாலும் ஏற்பார். கன்சல்டன்சிக்காரருக்கு அந்தக் கட்டம் நிரம்பாமல் ரெஸ்யூமேயை மேலே அனுப்ப முடியாமல் இருக்கலாம். அவர் இரண்டாம் முறை கேட்டால் சொல்லிவிடுவதே நடைமுறைக்கு ஏற்றது. சொல்லும்போது நிலையானது, மாறுவது என்று பிரித்து, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். ஆஃபர் கட்டத்தில் கடைசி மூன்று மாதப் பே ஸ்லிப் கேட்கப்படும். சில இடங்களில் படிவம் 16-ம் வங்கிக் கணக்கு அறிக்கையும் கேட்கப்படும். ஏற்றிச் சொன்ன ஒரு லட்சம் அப்போது வெளியே வந்து, முடிவான ஆஃபரையே கலைத்துவிடும். எதிர்பார்க்கும் தொகையை மட்டும் முதல் பதிலில் எழுதாமல் இருப்பது நல்லது. வேலை என்ன என்று தெரியும் முன் சொன்ன தொகை, பின்னர் பேரம் பேசும்போது மேல்வரம்பாக நின்றுவிடும்.

ஓர் அஞ்சலும் அதன் பதிலும்

ஆறு ஆண்டு அனுபவமுள்ள ஒரு டெஸ்டிங் இன்ஜினியருக்கு ஜூன் 3, செவ்வாய்க்கிழமை காலை ஒரு கன்சல்டன்சியிலிருந்து அஞ்சல் வருகிறது. முன்னணி நிறுவனம் ஒன்றுக்கு டெஸ்ட் ஆட்டோமேஷன் இன்ஜினியர் வேண்டும். 5 முதல் 8 ஆண்டு அனுபவம். வேலையிடம் சென்னை, ஹைப்ரிட். 30 நாளுக்குள் சேருபவருக்கு முன்னுரிமை. கீழே வழக்கமான பட்டியல், பான் எண் உட்பட. இன்ஜினியர் ஆவடியில் குடியிருப்பவர், நோட்டீஸ் 60 நாள். அன்று மாலையே அதே அஞ்சலுக்குக் கீழே, தலைப்பை மாற்றாமல் பதில் எழுதுகிறார். அஞ்சல் ஆங்கிலத்தில் போவதே இத்துறை வழக்கம். அதன் உள்ளடக்கம் தமிழில் இது:

> வணக்கம்,
>
> டெஸ்ட் ஆட்டோமேஷன் வேலை பற்றி எழுதியதற்கு நன்றி. மேற்கொண்டு பேச ஆர்வம் உண்டு.
>
> மொத்த அனுபவம் 6 ஆண்டு. அதில் ஆட்டோமேஷன் 4 ஆண்டு (செலினியம், ஜாவா). நோட்டீஸ் 60 நாள், இன்னும் ராஜினாமா செய்யவில்லை.
>
> பேச வசதியான நேரம்: ஜூன் 4 புதன் மாலை 6.30–7.30, ஜூன் 5 வியாழன் காலை 8.30–9.15, ஜூன் 7 சனி காலை 10–12.
>
> அதற்கு முன் நான்கு விவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும். நிறுவனத்தின் பெயர் என்ன, வேலை யாருடைய பேரோலில்? எந்த வளாகம், வாரத்தில் எத்தனை நாள், என்ன ஷிஃப்ட்? 60 நாள் நோட்டீஸ் ஏற்கப்படுமா? சம்பள வரம்பு என்ன, அதில் நிலையான பகுதி எவ்வளவு?
>
> நிறுவனத்தின் பெயர் தெரிந்ததும் ரெஸ்யூமேயும் மற்ற விவரங்களும் அனுப்புகிறேன். அதுவரை என் விவரங்களை எங்கும் அனுப்ப வேண்டாம்.
>
> நன்றி.
> (பெயர், கைபேசி எண்)

ரெக்ரூட்டருக்கு முதலில் வேண்டிய விவரங்கள் இரண்டாவது பத்தியில் ஒன்றாக இருக்கின்றன. மொத்த அனுபவத்தையும் தொடர்புடைய அனுபவத்தையும் பிரித்துச் சொன்னதால் ஆறு ஆண்டும் ஆட்டோமேஷனில்தான் என்ற தவறான எண்ணம் எழாது. பான் எண்ணும் சிடிசியும் ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் ஒரு வரியில் முடிகிறது. மறுப்பாக அல்லாமல், எப்போது வரும் என்ற உறுதியாக அது எழுதப்பட்டிருக்கிறது. 'மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு' போன்ற தொடக்கம் இல்லை. ரெக்ரூட்டர் தன் பெயரைக் கீழே போட்டிருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைப்பதே இங்கு இயல்பு. சாரும் மேடமும் தொலைபேசியில் தானாக வந்துவிடும்.

புதன்கிழமை மாலை 6.40-க்கு அழைப்பு வருகிறது. ரெக்ரூட்டர் பெயரை எழுத்தில் தர மறுத்து, பேச்சில் சொல்கிறார். இது அடிக்கடி நடப்பது. பெயரைக் கேட்டதும் இன்ஜினியர் தன் குறிப்பைப் பார்க்கிறார்: ஏப்ரலில் வேறொரு கன்சல்டன்சி அவருடைய ரெஸ்யூமேயை இதே நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறது. அதை அவர் அப்போதே சொல்லிவிடுகிறார். ரெக்ரூட்டர் அந்தக் காலியிடத்துக்கு அவரை அனுப்பாமல், நோட்டீஸ் 60 நாள் வரை ஏற்கும் வேறொரு நிறுவனத்தின் வேலை அம்பத்தூரில் இருப்பதாகச் சொல்கிறார். பேச்சு முடிந்ததும் இன்ஜினியர் இரண்டு வரி அஞ்சல் அனுப்புகிறார்: இன்னின்ன நிறுவனத்தின் இன்ன வேலைக்கு மட்டும் ரெஸ்யூமே அனுப்ப ஒப்புதல் என்று, பெயரும் தேதியும் போட்டு. பேச்சில் சொன்னதை எழுத்தில் பதிவுசெய்யும் இந்த அஞ்சல்தான் பின்னால் உரிமைச் சண்டை வந்தால் கையில் இருக்கும் சான்று. ரெஸ்யூமேயை அவர் பிடிஎஃப் ஆக இணைக்கிறார். கன்சல்டன்சிகள் தங்கள் பெயரைத் தலைப்பில் போட்டு மறுவடிவம் செய்ய வேர்ட் கோப்பைக் கேட்பதுண்டு. கொடுத்தால், நிறுவனத்துக்குப் போகும் இறுதி வடிவத்தைத் திரும்பக் கேட்டு ஒருமுறை படித்துவிட வேண்டும். இல்லாத அனுபவம் அதில் முளைத்திருந்தால் நேர்காணலில் மாட்டிக்கொள்பவர் கன்சல்டன்சிக்காரர் அல்ல.

ஆர்வம் இல்லாதபோது

வேண்டாம் என்று முடிவு செய்தவரும் இரண்டு வரி எழுதுவது பயன் தரும், குறிப்பாக அனுப்பியவர் ஒரு நிறுவனத்தின் எச்ஆர் என்றால். 'நன்றி, இப்போது வேலை மாறும் எண்ணம் இல்லை. ஆட்டோமேஷன் சார்ந்த, வாரம் மூன்று நாளுக்கு மேல் அலுவலகம் வரத் தேவையில்லாத வேலை இருந்தால் ஜனவரிக்குப் பின் எழுதலாம்.' எது இருந்தால் மனம் மாறும் என்பதையும் எப்போது என்பதையும் சொன்னால் ரெக்ரூட்டர் அதைக் குறித்துவைக்க முடியும். வெறும் 'ஆர்வமில்லை' என்பதில் குறித்துவைக்க ஒன்றும் இல்லை. நண்பர் ஒருவருக்குப் பொருந்தும் என்று தோன்றினால் அவரைக் கேட்காமல் அவருடைய எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. ரெக்ரூட்டரின் முகவரியை நண்பருக்கு அனுப்பினால் முடிவை அவரே எடுத்துக்கொள்வார். திறமைக்கே தொடர்பில்லாமல் மொத்தமாக அனுப்பப்பட்ட அஞ்சல்களுக்குப் பதில் தேவையில்லை. ஜாவாக்காரருக்கு வரும் எஸ்ஏபி காலியிட அறிவிப்பு அந்த வகை.

ஆர்வத்தோடு அனுப்பிய பதிலுக்கு எதிர்ப்பதில் வராவிட்டால், மூன்று நான்கு வேலைநாள் கழித்து அதே அஞ்சலின் கீழ் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்குள் பழைய நேரங்கள் கடந்துபோயிருக்கும் என்பதால் புதிய இரண்டு நேரங்களை அதில் சேர்க்க வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் காலியிடம் நிரம்பியிருக்கலாம், நிறுத்திவைக்கப்பட்டிருக்கலாம், நோட்டீஸ் நீளம் என்று ஒதுக்கப்பட்டிருக்கலாம். காரணம் எதுவானாலும் மூன்றாவது அஞ்சல் அதை மாற்றுவதில்லை. குறிப்பேட்டில் அந்த வரியின் எதிரே தேதியை எழுதி முடித்துவிடலாம்.